பல்லுக்கென்று வந்த பணம்

பெனிஞ்ஞா லஸ்ராடோவிடம் கடன் கேட்டால் கிடைக்கலாம், திட்டு கட்டாயம் கிடைக்கும். ஒன்றுக்கென்று ஒதுக்கிய காசை இன்னொன்றுக்குக் கேட்டால் மட்டும் ஒன்றும் நடக்காது. ஒருநாள் கின்னிகோளி சந்தையில் மீன் வாங்கிக் கையைத் துடைத்துவிட்டாள், பஸ்ஸுக்குக்கூட மிச்சமில்லை. மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்ற வைத்திருந்த ஐம்பது ரூபாய் பையில் பத்திரமாக இருந்தது. மகராசி, உச்சி வெயிலில் வீடுவரை நடந்தே வந்தாள்.

"மாதா கோவிச்சுக்கவா போறா, பாயி?" என்று அக்கம்பக்கத்தார் கேட்டார்கள். பாயி என்றால் அந்த ஊரில் அக்கா.

"மாதா கோவிக்க மாட்டா. நான் என்மேல கோவிச்சுக்குவேனே!"

முந்திரி ஃபேக்டரியில் சம்பளக் கணக்கு பார்த்து ஓய்வு பெற்றவளை இழுத்து வந்து, யோவாக்கிம் முதியோர் இல்லத்தை நடத்தும் தர்ம சங்கத்துக்குப் பொருளாளர் ஆக்கினார்கள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை அது என்று தலைவர் ஃபெலிசியான் தாவ்ரோ பிறகு தலையில் அடித்துக்கொண்டார். தாவ்ரோ முன்னாள் பஸ் முதலாளி. ஒரு பஸ்ஸின் டயரைக் கழற்றி இன்னொன்றுக்கு மாட்டியே முப்பது வருஷம் ஓட்டியவர். பெனி பாயிக்கும் அவருக்கும் எப்படி ஒத்துப்போகும்?

இந்த நேரம் பார்த்து மும்பையிலிருந்து பஸ்த்யான் லோபோ மூன்று லட்சம் அனுப்பினார். கப்பலில் சமையல்காரராக இருந்து கரையேறியவர். தன் அப்பா கடைசி வருஷங்களில் பல்லில்லாமல் வெறும் கஞ்சி குடித்தே போய்ச் சேர்ந்தார் என்ற துக்கம் அவருக்கு. அதனால் பணம் இல்லத்தில் இருப்பவர்களுக்குப் பல்செட் கட்ட மட்டும்தான், வேறு எதற்கும் தொடக்கூடாது.

பெனி பாயி பல் நிதி என்று தனியாக ஒன்று திறந்தாள். மூன்று லட்சமும் அதில் போய் உட்கார்ந்தது, வருமானம் என்று ஒரு பைசாகூடக் காட்டவில்லை. பல் டாக்டருக்கு எட்டாயிரம் கொடுத்தால் அந்த எட்டாயிரம் செலவில் ஏறும், நிதியிலிருந்து அதே எட்டாயிரம் வருமானத்துக்கு வரும். இரண்டும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். மீதி உள்ளது சங்கத்தின் காசே அல்ல, லோபோ சொன்ன வேலைக்காகக் காத்திருக்கும் காசு. பன்னிரண்டு பேர் பல் கட்டிக்கொண்டார்கள். மற்றவர்கள் ஈறே போதும் என்றுவிட்டார்கள். இரண்டு லட்சத்துக்கு மேல் அப்படியே கிடந்தது.

மே மாதக் காற்றில் தென்னை ஒன்று சாய்ந்து பெண்கள் அறையின் ஓடுகளை நொறுக்கிய அன்று பிடித்தது சனி. பொது நிதியைத் தட்டினால் தூசிதான் வரும். மழைக்குள் கூரை போடாவிட்டால் அங்கே படுக்கும் ஏழு பெண்களையும் உடுப்பியில் வேறொரு இல்லத்துக்கு அனுப்புவதென்று கமிட்டி முடிவெடுத்தது. அந்த ஏழு பேரில் ஒருத்தி மொந்தி மாயி. பெனி பாயி கணக்கு மேசைக்குப் போகும் முன் அவளோடு ஒரே பெஞ்சில் பதினெட்டு வருஷம் முந்திரி உடைத்தவள்.

"பல்லுக்காசு சும்மாதானே தூங்குது? ரெண்டு லட்சத்த எடுத்துக் கூரைக்குப் போடு, பாயி. அந்த மனுஷன் மும்பைலேருந்து எட்டிப் பார்க்கவா போறான்?" என்றார் தாவ்ரோ.

"கூரை பில்ல எந்தச் செலவுல எழுத, பிரசிடெண்ட் சாரே? கடைவாய்ப் பல்லுன்னா?"

"உன் சிநேகிதியே நனையப் போறா!"

அது சுருக்கென்று தைத்தது. மொந்தியை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி நடப்பதை நினைத்தே பார்க்க அவளால் முடியவில்லை. ஆனாலும் மாட்டேன் என்றால் மாட்டேன்தான். நேராக லோபோவுக்கே ஃபோன் போட்டு உள்ளதை உள்ளபடி சொல்லி, மிச்சத்தைக் கூரைக்கு மாற்ற எழுத்தில் சம்மதம் கேட்டாள்.

"பல்லுக்குக் குடுத்தா கூரைங்கிறீங்க. நாளைக்குக் கார்னு கேப்பீங்க! முதல்ல என் பல்லையெல்லாம் கண்ணால பார்க்கணும். ஞாயித்துக்கிழமை வரேன்."

கேட்டவுடன் தாவ்ரோவுக்கு உற்சாகம் தலைக்கேறியது. தன் கைக்காசில் கோழி வாங்கினார், மொறுமொறு ரொட்டி கட்டுக்கட்டாக வாங்கினார். அத்தோடு நின்றிருந்தால் புண்ணியம். ஞாயிறு காலை, பல்லெல்லாம் பளிச்சென்று இருக்கட்டுமே என்று பன்னிரண்டு பேரின் பல்செட்டையும் வாங்கி ஒரே பேசினில் கொட்டிச் சோப்புத் தண்ணீரில் அலசிவிட்டார்.

பெனி பாயி வந்து பார்த்தாள். பேசின் நிறையப் பல்லு, அவளைப் பார்த்துச் சிரித்தது.

"ஐயோ தெய்வமே! தனித்தனியா வச்சதையெல்லாம் ஒண்ணாக் கலந்துட்டீங்களே, மனுஷரே!"

"எல்லாம் ஒரே நிதிலேருந்து வந்த பல்லுதானே, பாயி?" என்றார் பாவி மனிதர்.

அவளுக்குக் கோபம் வர வேண்டிய இடத்தில் சிரிப்பு வந்து தொலைத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு புடவையை இழுத்துச் செருகி, பன்னிரண்டு பேரையும் வரிசையாக உட்காரவைத்து, வெந்நீரில் கழுவிக் கழுவி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். குள்ள இனாஸ் வாயில் ஒரு செட்டு வைத்தால் மனிதருக்கு வாய் மூடவில்லை, குதிரை மாதிரி நின்றார். மொந்தி மாயி போட்டது பேசும்போதெல்லாம் வெளியே வந்து விழுந்தது.

"இது யாரோ புகையிலை போடுறவன் பல்லு, தூ!" என்றாள் மொந்தி.

"அப்ப அது என்னோடதுதான், குடு," என்றார் இனாஸ்.

வாசலில் லோபோவின் கார் நின்றபோது கடைசிச் செட்டு கடைசி வாயில் சரக்கென்று உட்கார்ந்தது.

பந்தி போட்டார்கள். வழக்கமாகக் குழம்பில் ஊறவைத்துத் தின்னும் ரொட்டியை, பன்னிரண்டு கிழங்களும் வீம்புக்கு அப்படியே கடித்தார்கள். கறுக்மொறுக் சத்தத்தில் யார் பேசுவதும் கேட்கவில்லை. லோபோ சாப்பிடாமல் ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டே நின்றார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

அந்த நேரத்தில்தான் வருஷத்தின் முதல் மழை சோவென்று கொட்டியது. பக்கத்து அறையில் பக்கெட்டுகள் டங் டங்கென்று அடிக்க ஆரம்பித்தன. அங்கே போர்வையை எடுக்க ஓடிய மொந்தி மாயி தெப்பமாக நனைந்து வந்து லோபோ முன்னால் நின்றாள். புதுப் பல் இரண்டு வரிசையும் கடகடவென்று அடித்துக்கொண்டது.

"பாருங்க சாரே, உங்க பல்லு என்ன வேலை பண்ணுதுன்னு! மேல ஓடு இல்லன்னா இப்படி அடிச்சு அடிச்சே தேய்ஞ்சு போயிடும். அப்புறம் மறுபடி நீங்கதான் கட்டிக் குடுக்கணும்!"

 லோபோ வயிறு குலுங்கச் சிரித்தார். இனாஸுக்குச் சிரிப்பில் பல் தட்டில் விழுந்தது.

"எடுத்துக்கங்கம்மா, மிச்சத்தைக் கூரைக்கே போடுங்க!"

தாவ்ரோ கைதட்டினார். பெனி பாயி தட்டவில்லை. ஓடிப்போய்ப் பேனாவும் காகிதமும் கொண்டு வந்தாள்.

"வாயால சொன்னா ஆகாது, சாரே. எழுதிக் கையெழுத்துப் போடுங்க. பல்லு ரிப்பேருக்குப் பதினஞ்சாயிரம் பல் நிதிலயே இருக்கட்டும், மீதி கூரை நிதிக்கு."

"சந்தேகமாம்மா என்மேல?"

"உங்க காசுமேல மரியாதை, சாரே."

லோபோ எழுதிக் கொடுத்தார். கமிட்டி தீர்மானம் போட்டது. மழை விட்ட நாலு நாளில் ஓடு ஏறியது. ஏழு பேரும் அவரவர் கட்டிலிலேயே கிடந்தார்கள். உடுப்பி பஸ்ஸுக்கு ஆளில்லை.

மாதக் கடைசியில் லோபோவிடமிருந்து ஐந்நூறு ரூபாய் வந்தது. 'எதற்கு வேண்டுமானாலும்' என்று குறிப்பு. பெனி பாயி அதைப் பொது நிதியில் ஏற்றினாள். ஏற்றிவிட்டு அன்று முழுக்கக் கால் தரையில் பாவாமல் திரிந்தாள். இதுவரை அப்படி ஒரு காசை அவள் கையால் வாங்கியதே இல்லை. கமிட்டியையும் கேட்டுக்கொண்டு, சாயங்காலம் ஒரு பை கடலைமிட்டாயோடு பெண்கள் அறைக்குள் நுழைந்தாள். வெளியே மழை வெளுத்து வாங்கியது, உள்ளே ஒரு சொட்டு இல்லை.

மொந்தி ஒன்றை எடுத்துக் கடக்கென்று கடித்தாள்.

"பாயி, இது எந்த நிதி?"

"எதுக்குன்னும் சொல்லல, மொந்தி. சும்மா. தின்னு."