பச்சை மீசைக்கு மூன்று நாள்

விடுப்புப் பிரிவு எழுத்தருக்கு அலுவலகத்தில் 'சல்லடை' என்று பெயர். யார் விளக்கக் கடிதம் கொடுத்தாலும் சலித்துத் திருப்பிவிடுவார். அப்பேர்ப்பட்டவர் மூன்று நாள் சொல்லாமல் கொள்ளாமல் வரவில்லை. நான்காம் நாள் முகக்கவசத்தோடு வந்தவரிடம் மெமோவை நீட்டினார்கள். உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தார்:

"மீசைக்குப் பூசிய சாயம் பச்சையாகிவிட்டது. மழிக்க மனைவி சம்மதிக்கவில்லை. வெட்கத்தில் தகவலும் சொல்லவில்லை, தவறுதான். என் கணக்கிலுள்ள ஈட்டிய விடுப்பில் கழித்து, மூன்று நாளையும் வரன்முறைப்படுத்தக் கோருகிறேன்."

மறுநாள் தபால் கட்டோடு அந்தக் கடிதமும் அவர் மேசைக்கே வந்தது. பதினெட்டு வருடமாக எந்தக் கடிதத்தையும் அவர் படித்தவரல்ல. அதுதான் சலிக்கும் லட்சணம். வழக்கம்போல, "காரணம் நம்பும்படி இல்லை. ஆதாரம் தேவை" என்று குறிப்பெழுதி மேலே அனுப்பிவிட்டார்.

அதிகாரி கூப்பிட்டார். "ஏங்க, உங்க லெட்டரை நீங்களே நம்பலைன்னா, நான் எப்படிங்க நம்புறது?"

சல்லடை முகக்கவசத்தைக் கழற்றினார்.

"ஆதாரம் நேரில் பார்க்கப்பட்டது. அனுமதிக்கப்படுகிறது" என்று அதிகாரி கையெழுத்திட்டார். பிறகு கதவைச் சாத்திவிட்டு, தன் கன்னங்கரிய மீசையைத் தடவியபடி கேட்டார்:

"எந்தக் கம்பெனி சாயம்ங்க?"

சல்லடை சொன்னதும், அதிகாரி மேசை டிராயரைத் திறந்து ஒரு பாக்கெட்டைக் குப்பைக்கூடையில் போட்டார்.