மூன்று மதிப்பெண் வாங்கிய தொட்டி

ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையின் மென்பொருள் பிரிவில் வேலை செய்கிறேன். நாங்கள் மூன்று பேர். செய்யாமல் கிடக்கும் வேலைகளோ எண்பதுக்கு மேல். எதை முதலில் செய்வது என்று தினமும் சண்டை. எங்கள் மேனேஜர் 'ரைஸ்' கணக்கைக் கொண்டுவந்தார். ஒரு வேலை மூன்று மாதத்தில் எத்தனை பேரைத் தொடும் (இதுதான் 'ரீச்'), ஒவ்வொருவருக்கும் எவ்வளவு பயன், நம் கணிப்பில் எவ்வளவு நம்பிக்கை, இந்த மூன்றையும் பெருக்கி, ஓர் ஆள் செய்தால் எத்தனை மாதம் பிடிக்கும் என்பதால் வகுக்க வேண்டும். அதிக மதிப்பெண் வாங்கியது முதலில்.

சம்பளச் சீட்டை போனில் காட்டுவது ஒரு வேலை. ஆயிரத்து இருநூறு பேர், பயன் ஒன்று, நம்பிக்கை எண்பது சதவீதம், இரண்டு மாதம். நானூற்று எண்பது.

கழிவுநீர்த் தொட்டிக்குள் ஆளை இறக்கும் பெர்மிட் இன்னொன்று. விஷவாயு மீட்டரின் அளவைப் போடாமலே எங்கள் ஆப்பில் பெர்மிட் வாங்கிவிடலாம். அதைத் தடுக்க வேண்டும். பயனுக்கு உச்சமான மூன்றைப் போட்டோம். சூப்பர்வைசர் பொய் அளவு போடுவாரோ என்று நம்பிக்கை ஐம்பது சதவீதம். ஒரு மாத வேலை. ஆனால் எத்தனை பேர்? ஆப்பில் லாகின் வைத்திருப்பவர்களை மட்டும் எண்ணுவது எங்கள் வழக்கம். சூப்பர்வைசர்கள் இரண்டு பேர். மூன்று மதிப்பெண்.

பாதுகாப்பு அதிகாரி கூட்டத்துக்கே வந்துவிட்டார்.

"உள்ள இறங்குறவங்க எங்க சார் இதுல?"

"அவங்க கான்ட்ராக்ட் மேடம். லாகின் இல்ல" என்றார் மேனேஜர்.

"லாகின் இல்லன்னா மூச்சும் இல்லையா? போன வாரம் ஒருத்தர் தலை சுத்தி ஏணியிலயே தொங்கினாரு."

உள்ளே இறங்கும் பன்னிரண்டு பேரையும் சேர்த்தேன். இருபத்தொன்று. நம்பிக்கையை நூறாக்கினாலும் நாற்பத்திரண்டுதான். சாவையும் வசதியையும் ஒரே தராசில் போட்டால் இப்படித்தான் வரும். பயனுக்கு மூன்றுக்கு மேல் போட இடமில்லை.

"இதுக்கு மார்க் போடாதீங்க சார். கட்டாயம்னு தனியா எடுத்து வைங்க" என்றேன்.

"ஒன்னுக்கு விட்டா எல்லாரும் அதையே கேப்பாங்க. பேஜார்பா."

"அப்போ இனிமே நான் பெர்மிட்ல கையெழுத்துப் போடமாட்டேன்" என்று அதிகாரி எழுந்து போய்விட்டார்.

கையெழுத்து இல்லாமல் தொட்டியைச் சுத்தம் செய்ய முடியாது. தொட்டி நிரம்பினால் தோல் ஊறவைக்கும் டிரம்கள் நிற்கும். அடுத்த நாள் மதியமே மேனேஜர் என் மேஜைக்கு வந்தார்.

"ரீச்ல ஃபேக்டரி மொத்தத்தையும் போட்டுடுப்பா."

ஆயிரத்து இருநூறு, மூன்று, ஐம்பது சதவீதம், ஒரு மாதம். ஆயிரத்து எண்ணூறு. பட்டியலில் முதலிடம். தொட்டி அதேதான், இறங்குகிறவர்களும் அதே ஆட்கள்தான். எனக்குத் திட்டக்கூடத் தெம்பில்லை. ஒரு மாதம் என்று நானே சொன்ன வேலை ஒரு வாரத்தில் முடிந்தது. அந்த எண்ணும் குத்துமதிப்புதான்.

மாற்றிய ஆப்பைப் போட்ட அன்றே சூப்பர்வைசர் போன் செய்தார்.

"சார், மீட்டர்ல சார்ஜ் இல்ல. ஆளுங்க ரெடியா நிக்கிறாங்க. பெர்மிட்டே வரமாட்டேங்குது, இன்னா சார் பண்றது?"

"சார்ஜ் போடுங்க" என்றேன்.

"அதுவரைக்கும்?"

"நிக்கட்டும்."