செஞ்சியில் வரைந்த மூன்று வட்டங்கள்

திண்டிவனத்தில் காலை ஏழரைக்குப் பஸ் ஏறினேன். செஞ்சி இருபத்தெட்டு கிலோமீட்டர். அமாவாசை என்பதால் பஸ்ஸில் பாதிப்பேர் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள். நான் மட்டும் சாமியைப் பற்றிப் பேசப் போகிறவன். செஞ்சியில் பிளஸ் டூவுக்கு அறவியல் எடுக்கும் கலைச்செல்வி என் கல்லூரித் தோழி. "மத்த மதத்தப் பாக்குற மூணு பார்வைய நீயே வந்து சொல்லேன், கோட்டையிலயே உக்காருவோம்" என்று கூப்பிட்டிருந்தாள். கல்லூரியில் இதைச் சொல்லித்தான் என் பிழைப்பே ஓடுகிறது. பிகு பண்ணாமல் கிளம்பிவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து கோட்டை இரண்டு கிலோமீட்டர். ஆட்டோக்காரர் நூறு ரூபாய் கேட்டார்.

"இவ்ளோ கிட்டத்துக்கா?"

"அமாவாசை சார். கூட்டத்தப் பாத்துட்டுப் பேசுங்க."

ஒன்பதரைக்கு ராஜகிரி அடிவாரத்தில் மாணவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு பக்கம் வெங்கடரமணர் கோயில், மறுபக்கம் பழைய மசூதி. குச்சியால் மண்ணில் வரைந்தேன். முதல் படம்: ஒரு வட்டம், அதன் நடுவில் புள்ளி, மற்ற வட்டங்களெல்லாம் வெளியே. புள்ளி என்பது முடிவான உண்மை, அல்லது மீட்பு. "என் வழி மட்டுமே அங்கே போகும் என்பது தனிவழிக் கொள்கை. அப்படி நம்புகிறவர் அடுத்தவரை வெறுக்கிறார் என்று அர்த்தமில்லை" என்றேன். இரண்டாவது: ஒரு பெரிய வட்டம், மற்றவை அதற்குள் சின்னச் சின்னதாக. "உன்னிடமும் உண்மை இருக்கிறது, ஆனால் அது என்னுடையதில்தான் முழுமை அடைகிறது என்பது உள்ளடக்கக் கொள்கை." மூன்றாவது: நடுவில் புள்ளி, சுற்றிலும் ஒரே அளவில் வட்டங்கள். "எல்லா வழியும் அதனதன் முறையில் போய்ச் சேரும். இது பன்மைவழிக் கொள்கை." மூன்றாவதை மட்டும் கொஞ்சம் அழகாகவே வரைந்தேன். எனக்குப் பிடித்தது அது.

முன்வரிசையில் இருந்த ரேவதி எழுந்தாள். "ரெண்டாவதுல இருக்குற சின்ன வட்டத்த, நீ உள்ளதான் இருக்கன்னு யாரு சார் சொல்றது? அதுவேவா?"

"இல்லைம்மா. பெரிய வட்டம்தான் சொல்லும்."

நல்ல கேள்வி என்று பாராட்டிக்கொண்டிருக்கும்போதே கலைச்செல்விக்குப் போன் வந்தது. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் தேறி வருவதாக டாக்டர்கள் சொல்லியிருந்த ரேவதியின் அம்மா இறந்துவிட்டார்.

மேல்மலையனூர் சாலையில் ஏழு கிலோமீட்டரில் அவர்கள் ஊர். ரேவதியை அழைத்துக்கொண்டு கலைச்செல்வியோடு நானும் போனேன். இரண்டு மணிக்கு உடல் வந்தது. ரேவதியின் அம்மா ஆறு வருடமாகச் சர்ச்சுக்குப் போனவர். அன்றிலிருந்து பொட்டு வைத்ததில்லை. ஆனால் ஞானஸ்நானம் எடுக்கவில்லை. "எடுத்தா என் சாதி சர்டிபிகேட் மாறிடுமாம் சார். நான் காலேஜ் சேந்தப்புறம்னு தள்ளி வெச்சாங்க" என்றாள் ரேவதி.

போதகர் வாசலிலேயே நின்றார். அவர் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "ஞானஸ்நானம் எடுக்காதவங்களுக்குக் கல்லறையில இடம் கிடையாதும்மா. என் சபையோட சட்டம். ஜெபம் வேணும்னா எவ்ளோ நேரமும் பண்றேன்."

தாய்மாமன், பிறந்த வீட்டுக் கோடியும் குங்குமமுமாக வந்தார். "ஏசுவும் நம்ம அங்காளம்மனுக்குள்ள அடக்கம்தான். எங்க போயிக் கும்பிட்டாலும் என் தங்கச்சி எங்களுக்குள்ளதான் இருந்தா. சுமங்கலியா போறா, பொட்டு வெச்சுதான் அனுப்புவேன்." சொல்லும்போதே அவர் குரல் உடைந்தது. காலணா அகலத்துக்குப் பொட்டு வைத்தார். ரேவதி துப்பட்டாவால் அழித்தாள். அவர் மறுபடி வைத்தார். அவளுடைய நைனா சுவரில் சாய்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் வாய் சும்மா இருக்கவில்லை. "ஜெபமும் நடக்கட்டும், பொட்டும் இருக்கட்டுமேம்மா. எல்லாம் ஒன்றுதானே" என்றேன்.

"ஒண்ணுதான்னா எங்கம்மா இன்னாத்துக்கு சார் இத்தினி வருஷம் திட்டு வாங்கினு போனாங்க?"

பெண்கள் இடுகாட்டுக்குப் போவதில்லை. தூக்கும்போது ரேவதி என் கையைப் பிடித்தாள். "நீங்க போறீங்க இல்ல சார். மண்ணு போடறதுக்குள்ள அத அழிச்சிடுங்க."

தலையாட்டினேன். ஆறு மணிக்குக் குழியருகே முகத்துணியை விலக்கினார்கள். தாய்மாமன் குனிந்து தங்கையின் பொட்டை இன்னொரு தரம் சரிசெய்தார். கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றேன். அவர் முகத்தைப் பார்த்தபின் கை நீளவில்லை. தூரத்தில், சாலையில், போதகர் தனியாகப் பாடிக்கொண்டிருந்தார்.

தெருமுனையில் ரேவதி காத்திருந்தாள். "அழிச்சிட்டீங்களா சார்?"

"இல்லைம்மா."

அவள் அழவில்லை. "மாமாவுக்கு அது வேணும். எங்கம்மாவுக்கு அது வேணாம். உங்களுக்குத்தான் எது இருந்தாலும் ஒண்ணாச்சே சார். அப்ப ஏன் மாமா பக்கம் நின்னீங்க?"

இரவு எட்டு மணிக்குத் திண்டிவனம் பஸ். பக்கத்து சீட்டு அம்மா மேல்மலையனூர்க் குங்குமப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார். எந்த ஊரில் எந்தப் பிரசாதம் கொடுத்தாலும் வாங்கி வைத்துக்கொள்கிறவன் நான். அதில் எனக்குப் பெருமையும் உண்டு. விரலால் தொட்டேன். நெற்றிக்குக் கொண்டுபோக முடியவில்லை.

"வெச்சிக்கோ சார், நல்லது" என்றார் அந்த அம்மா.