மெதுவா என்று சொன்ன பிறகு

டிப்போவில் அவளை எல்லோரும் கியர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒருமுறை நட்டநடு வழியில் பஸ்ஸின் கியர் இறுகிக்கொண்டது. இரண்டாவது கியரிலேயே உருட்டிக்கொண்டு, ஒரு பயணியைக்கூட இறக்கிவிடாமல் கடைசி நிறுத்தம்வரை கொண்டுபோய்ச் சேர்த்ததில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. நாற்பதைத் தாண்டியவள், இரண்டு அறை வீட்டில் தனியாக இருந்தாள். சொந்தம் என்று அருகில் இருந்தது பல் மருத்துவமனையில் நர்ஸாக வேலை பார்க்கும் தங்கை மட்டும்தான்.

லிஃப்ட் மெக்கானிக் ஒருவரை அவள் சந்தித்தது ஒரு லிஃப்டுக்குள் இருந்துதான். அலுவலகக் கட்டடத்தில் லீவு எழுதிக் கொடுக்கப் போனவள் இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டாள். கதவுக்கு அந்தப் பக்கம் ஸ்பேனரைச் சுழற்றிக்கொண்டே, பயம் தெரியாமல் இருக்க ஒரு குரல் பேசிக்கொண்டே இருந்தது. வெளியே வந்ததும் அவர் நம்பர் கேட்டார். "கொடுக்க இஷ்டமில்லேன்னா பரவாயில்லங்க" என்று கேட்ட கையோடு சொல்லவும் செய்தார். அவள் கொடுத்தாள்.

வண்டியை எடுத்தால் போன் பெட்டிக்குள் போய்விட வேண்டும் என்பது டிப்போ விதி. அந்த வாரம் ஒவ்வொரு டிரிப் முடிந்து போனை எடுக்கும்போதும் அவருடைய மெசேஜ்கள் வரிசைகட்டி நின்றன. லிஃப்ட் குழியில் குடும்பம் நடத்தும் பூனையின் படம். எட்டாவது மாடிக்கார அம்மா லிஃப்டோடு பேசுவதாக ஒரு குரல் பதிவு. 'உங்க சிரிப்பு இன்னும் காதுல இருக்கு' என்று ஒன்று. முதல் நாள் சிரித்தாள். மூன்றாம் நாள் சிரிப்போடு வயிற்றில் ஏதோ பிசைந்தது. வார முடிவில் போனை எடுக்கவே கை கூசியது.

காரணம் இருந்தது. சில வருடங்களுக்கு முன் ஒரு வீட்டு புரோக்கர் இப்படித்தான் மெசேஜ்களாகக் கொட்டினான். மறுநாளே 'நீங்க' போய் 'நீ' வந்தது, அதற்கு மறுநாள் 'செல்லம்'. 'உன்ன மாதிரி ஒருத்திய நான் பார்த்ததே இல்ல' என்றான், அவளைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல். இரண்டாவது வாரம் இருவரும் குடியிருக்கப்போகும் வீட்டுக்கு என்ன பெயின்ட் என்று முடிவு செய்துவிட்டான். டிப்போவுக்குப் பூங்கொத்து வந்தது. அவள் வெட்கப்பட்டு, இதெல்லாம் வேண்டாமே என்றதும் இன்னும் பெரிதாக ஒன்று வந்தது. தேடித் தேடி ஒருவன் நேசிக்கிறான் என்று அவளும் மயங்கிப்போனாள். பிறகுதான் கணக்கு மாறியது. பதில் தாமதமானால் 'அவ்ளோ பிஸியா?' என்று குத்தினான். தங்கை வீட்டுக்குப் போனால் நாள்கணக்கில் பேச்சே இருக்காது. அவள் தவித்து மன்னிப்புக் கேட்டதும் மறுபடி மெசேஜ் மழை பொழியும். அந்த மழைக்காகவே அவள் சிநேகிதிகளை விட்டாள், தங்கையைக்கூடப் பாதி விட்டாள். வெளியே வர இரண்டு வருடம் பிடித்தது.

தங்கையிடம் போனை நீட்டியபோது அவள் நாலு மெசேஜ்கூடப் படிக்கவில்லை.

"அக்கா, மறுபடியும் அதே படமா? பிளாக் பண்ணு, விடு."

"இவரு இன்னும் நீங்கன்னுதாண்டி கூப்பிடுறாரு."

"மரியாதையா கூப்பிட்டா நல்லவனாயிடுவானா?"

அதுவும் நியாயம்தான். இருவரும் சோபாவில் கால் நீட்டி உட்கார்ந்து நிதானமாகப் படித்தார்கள். இவருடைய மெசேஜ்களில் கேள்விகள் இருந்தன. மேம்பாலத் திருப்பம் அவளுக்குப் பிடிக்காது என்று பேச்சுவாக்கில் சொன்னதை ஞாபகம் வைத்து, இன்று எப்படி இருந்தது என்று கேட்டிருந்தார். மலைக்குப் போகலாமா என்று கேட்டதோடு, 'லீவு கிடைச்சா, உங்களுக்குப் பிடிச்சா' என்றும் போட்டிருந்தார். அவருடைய அக்கா, இறகுப்பந்து ஆடும் கூட்டாளிகள் என்று அவருக்கென்று ஒரு வாழ்க்கையும் உள்ளே தெரிந்தது.

"கெட்டிக்காரனா இருந்தா இதெல்லாமும் எழுதுவான்" என்றாள் தங்கை.

"எழுதுவான். அந்த புரோக்கரும் நான் சரி சரின்னு சொல்ற வரைக்கும் தங்கமாத்தான் இருந்தான். வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னப்போதான் ஆளு தெரிஞ்சான்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. கொட்டுவது எவ்வளவு என்பதை மட்டும் பார்த்து எதுவும் தெரியாது. சிலர் பிறவியிலேயே லொடலொடா. நிறுத்து என்றால் என்ன நடக்கிறது என்பதில்தான் விஷயம். சும்மா பதில் போடாமல் ஆழம் பார்க்க அவளுக்கு மனமில்லை. அது இன்னொரு ஏமாற்றுவேலையாகப் பட்டது. நேராகவே எழுதினாள்.

'உங்க மெசேஜ் பிடிச்சிருக்கு. ஆனா எனக்கு இது ரொம்ப வேகம். வேலை நாள்ல சாயங்காலம் ஒண்ணு ரெண்டு போதும். ஞாயித்துக்கிழமை தங்கச்சியோட இருப்பேன், அன்னிக்கு வேண்டாம்.'

அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். நான் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேனோ என்று அந்தப் பழைய பயம் தலைதூக்கியது.

பதில் வந்தது. 'சரிங்க. சொன்னது நல்லதாப் போச்சு. சந்தோஷமா இருந்தா நான் இப்படித்தான், எங்க அக்காவே மியூட்ல போட்டு வெச்சிருக்காங்க. சாயங்காலம் பேசலாம்.'

"முதல் தடவை எல்லாருமே சரின்னுதான் சொல்லுவாங்க" என்று தங்கை விடவில்லை. "போகப் போகப் பார்ப்போம்."

பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை போன் அமைதியாக இருந்தது. திங்கட்கிழமை, 'எங்கே போனீங்க, என்னை மறந்துட்டீங்களா' என்ற குத்தல் எதுவும் இல்லை. தங்கை நலமா என்று ஒரு வரி, பூனை குட்டி போட்டுவிட்டது என்று ஒரு வரி. ஒருநாள் உற்சாகத்தில் நாலைந்து படங்களை அனுப்பிவிட்டு, 'கை மீறிடுச்சு, சும்மா இருக்கும்போது பாருங்க போதும்' என்று எழுதினார். மறுநாள் அவராகவே பழைய அளவுக்கு வந்துவிட்டார்.

உண்மையான சோதனை தானாக வந்தது. இருவரும் வெளியே சாப்பிடுவதாக இருந்த நாளில் அவளுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. வர முடியாது என்று சொல்லப் போன் போட்டாள்.

"ஐயோ, சரிங்க, காலை நீட்டி வெச்சுப் படுங்க" என்றார் அவர். "ஏதாச்சும் வேணுமா? இல்ல, தனியா விட்டா போதுமா?"

"தனியா விட்டா போதும்."

"சரி. நான் ஆட்டத்துக்குப் போறேன்."

"கோவமா?" அவள் தன்னையறியாமல் கேட்டாள்.

"கோவம் இல்ல. ஆசையா இருந்தேனா, கொஞ்சம் வருத்தமா இருக்கு. ஆனா அது என் வருத்தங்க. அதை நீங்க வந்து சரி பண்ண வேண்டியதில்ல."

போனை வைத்துவிட்டு அவள் காலை நீட்டிப் படுத்தாள். அவர் வருத்தத்தை மறைக்கவும் இல்லை, அதை அவள் தலையில் கட்டவும் இல்லை. அப்படியும் ஒரு ஆண் இருக்க முடியும் என்பதே அவளுக்குப் புதிதாக இருந்தது. கண் கலங்கியது. கால் வலிதான் காரணம் என்று பார்க்க வந்த தங்கையிடம் சொன்னாள்.

அடுத்த வாரம் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து அவள் புரோக்கரின் கதையை முழுவதும் சொன்னாள். அவர் நடுவில் புகவில்லை, நான் அவனைப் போல் இல்லை என்று சத்தியமும் செய்யவில்லை.

"அப்போ என் மெசேஜ் பார்த்து வயிறு கலங்கியிருக்குமே" என்றார் கடைசியில்.

"கலங்குச்சு."

"மறுபடி கலங்குனா சொல்லிடுங்க. நீங்க சொல்லாம எனக்குத் தெரியாது."

தங்கை அவரை எடைபோட மாதக்கணக்கில் எடுத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்தவர் அவளுக்குப் பரிசு எதுவும் வாங்கி வரவில்லை, புகழவும் இல்லை, தன் கடைவாய்ப்பல்லைக் காட்டி யோசனைதான் கேட்டார். "இந்த ஆளு வசீகரிக்கக்கூட முயற்சி பண்ணலையே" என்று அடுப்படியில் அக்காவின் காதில் சொன்னாள். இன்னும் முழுசாக நம்பவில்லை என்றும் சொன்னாள். அக்காவுக்கு அது பிடித்திருந்தது. நம்பிக்கைக்கு அவசரமில்லை, கண்காணிக்க ஒருத்தி இருந்தால் நல்லதுதான்.

இப்போது கடைசி டிரிப் முடிந்ததும் கியர் அக்கா ஸ்டியரிங்கில் சாய்ந்து போனைத் திறக்கிறாள். பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ இருக்கும். சில நாள் ஒன்றுமே இருக்காது. அந்த நாட்களில் வயிறு பிசைவதில்லை. அவரும் எங்கோ ஒரு கட்டடத்தில் வேலை முடித்துக் கை கழுவிக்கொண்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டு, அன்றைக்கு பஸ்ஸில் நடந்த கூத்தை அவளே நீளமாகச் சொல்ல ஆரம்பிக்கிறாள்.