வரமாட்டேன் அக்காவும் மொட்டை மாடிப் பூட்டும்

அந்தக் குடியிருப்பில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நாலாம் மாடியில், படிக்கட்டு முடிகிற இடத்தில் வீடு. திரைச்சீலை தைப்பது தொழில். ஊரில் ஜன்னல் இருக்கிற வரைக்கும் தனக்கு வேலை இருக்கும் என்பார். புதிதாகத் தைப்பது பாதி. அழுக்கேறிய பழைய திரைகளைக் கழற்றி வந்து, துவைத்து, காயவைத்து, ஓரம் பிரிந்ததைத் தைத்துத் திரும்ப மாட்டிக் கொடுப்பது மீதி. ஆள் உயரத்துக்கு மேல் நீளமான துணியை வீட்டுப் பால்கனியில் காயப்போட முடியாது. மடித்துப் போட்டால் மடிப்பில் கோடு விழும். முழு நீளத்துக்கும் விரித்துப் போட மொட்டை மாடி வேண்டும். அவருடைய பிழைப்பில் பாதி அந்த மாடியில் கட்டியிருந்த நாலு கொடிக் கம்பிகளில் தொங்கியது.

‘வரமாட்டேன் அக்கா’ என்ற பெயர் வந்தது கைப்பேசியால்.

குடியிருப்போர் சங்கத்துக்குக் கைப்பேசியில் அறிவிப்புக் குழு ஒன்று உண்டு. வீட்டுக்கு ஓர் எண். செயலாளரும் பொருளாளரும் மட்டும் அதில் எழுதலாம்; மற்றவர்கள் படிக்கலாம், கட்டைவிரல் காட்டலாம், வாக்கெடுப்பு வந்தால் ஓட்டுப் போடலாம். கூட்டம் என்றால் செயலாளர் அதை நிகழ்ச்சியாகப் போடுவார். தேதி, நேரம், இடம், அதற்குக் கீழே பதில்: வருவேன், பார்க்கலாம், வரமாட்டேன். யார் எதை அழுத்தினார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

எல்லோருக்கும் தெரியும் என்பதுதான் வினை. அங்கே ஒருவரும் ‘வரமாட்டேன்’ அழுத்த மாட்டார்கள். அது முகத்துக்கு நேரே கதவைச் சாத்துவது மாதிரி. அழைப்பு வந்தவுடன் ‘வருவேன்’ அழுத்துவது மரியாதை. அன்றைக்கு மாலை வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்ப்பது அவரவர் சௌகரியம். இரண்டுக்கும் சம்பந்தம் இருப்பதாக யாரும் நினைத்ததில்லை.

அக்கா மட்டும், வர முடியாத கூட்டத்துக்கு ‘வரமாட்டேன்’ என்று அழுத்தினார். அந்தப் பட்டியலில் எப்போதும் அவர் ஒருவர்தான் இருப்பார். அவருடைய கணவர், பேருந்துப் பணிமனையில் மெக்கானிக், பேச்சுக்குச் சொல்லிப் பார்த்தார்.

“வருவேன்னு ஒரு அமுக்கு அமுக்கிட்டுப் பேசாம இரு. விரல் தேஞ்சா போகும்?”

“விரல் தேயாது. அங்க எனக்கு ஒரு நாற்காலி போட்டு வச்சிருப்பாங்க. அது காலியா கிடக்கும்.”

“அங்க போடுறதே பத்து நாற்காலிதான்.”

“அப்ப அவங்களுக்கும் தெரிஞ்சுதான் இருக்கு.”

இப்படித்தான் பெயர் நிலைத்தது. அவர் அதைக் கழற்றிப் போட முயலவில்லை. வாசலில் துணி கொண்டுவந்து நிற்பவர்களிடம், “வரமாட்டேன் அக்கா வந்துட்டேன், சொல்லுங்க” என்று அவரே சொல்வார்.

ஒரு நாள் மாடியின் கைப்பிடிச் சுவரில் ஒரு குழந்தை ஏறி உட்கார்ந்திருந்தது. துணி எடுக்கப் போன அக்காதான் பார்த்தார். சத்தம் போடாமல் பின்னால் போய் இடுப்போடு அணைத்துத் தூக்கிக் கீழே கொண்டுவந்து விட்டார். அது செயலாளரின் பேரன். செயலாளர் காப்பீட்டு நிறுவனத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் அன்று அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். மறுநாள் காலை அறிவிப்புக் குழுவில் ஒரு வாக்கெடுப்பு வந்தது.

‘குழந்தைகளின் பாதுகாப்புக்காக மொட்டை மாடியை நிரந்தரமாகப் பூட்டுவது. இந்த வாரமே பூட்டலாம். அடுத்த மாதம் முதல் பூட்டலாம்.’

அவ்வளவுதான் தேர்வுகள்.

அக்கா அதை மூன்று முறை படித்துவிட்டு, எழுத இடம் தேடினார். அடியில், நிர்வாகிகள் மட்டுமே எழுதலாம் என்று இருந்தது. தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு இரண்டாம் மாடியில் செயலாளர் வீட்டுக்கு இறங்கினார்.

பூட்ட வேண்டாம் என்பவர்கள் எங்கே அழுத்துவது என்று அவர் கேட்டார். அனுப்பிய வாக்கெடுப்பில் இனி தேர்வு சேர்க்க முடியாது என்றார் செயலாளர். அப்படியானால் அதை அழித்துவிட்டு வேறு போடலாமே என்றார் அக்கா. ஏற்கெனவே பலர் ஓட்டுப் போட்டுவிட்டார்கள், அவர்களை அவமதிக்க முடியாது என்றார் செயலாளர். சாயங்காலத்துக்கு மேல் பூட்டுங்கள், பகலில் குழந்தைக் கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போடுங்கள் என்றார் அக்கா. செயலாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அம்மா, நீங்க பேரனைக் காப்பாத்தினீங்க. நான் மறக்கல. ஆனா உங்க கொடிக் கம்பிக்காக நாப்பது வீட்டுக் குழந்தைங்களைப் பணயம் வைக்க முடியாது.”

“தூக்குனது நான் சார். அந்த நேரத்துல நான் அங்க இருந்ததே துணி எடுக்கத்தான்.”

செயலாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உள்ளே போனார்.

வாக்கெடுப்பு ஓடியது. யார் எதில் போட்டார்கள் என்று அதிலும் பார்க்க முடியும். அக்காவிடம் துணி கொடுத்தவர்களே ‘அடுத்த மாதம்’ என்பதில் போட்டிருந்தார்கள்; அவருக்குச் சாதகம் செய்வதாக நினைப்பு. அதையாவது போடு, ஒரு மாதம் கிடைக்கும் என்றார் கணவர். அக்கா போடவில்லை. எப்போது கழுத்தை நெரிக்கலாம் என்று கேட்டால் நாளைக்கு என்று சொல்லச் சொல்கிறீர்களா என்று கேட்டார். முதல் மாடியில் ஒரு வீட்டுக்காரர், பிரச்சினை முடியட்டும் என்று சொல்லி, தைக்கக் கொடுத்திருந்த துணியைத் திரும்ப வாங்கிப் போனார். அக்கா அதை அழகாக மடித்துக் கொடுத்தனுப்பினார்.

மூன்றாம் மாடி டீச்சர்தான் ஒரு விஷயம் சொன்னார். பொது இடத்தைப் பூட்டுவதற்குக் கைப்பேசி வாக்கெடுப்பு போதாது. பொதுக்கூட்டம் வேண்டும், பாதி வீடுகளாவது வந்திருக்க வேண்டும் என்று சங்க விதி இருக்கிறது. இதை டீச்சர் செயலாளரிடமும் சொல்லிவிட்டார். செயலாளர் விதியை மதிக்கிறவர். உடனே நிகழ்ச்சி போட்டார். ஞாயிறு மாலை ஆறு முதல் எட்டு வரை, கீழ்த்தளக் கூடம்.

வழக்கம்போல ‘வருவேன்’ என்று குவிந்தது. இருபத்தாறு வீடுகள். அதில் வரமாட்டேன் அக்காவும் ஒருவர். அந்தப் பெயரை அந்தப் பட்டியலில் பார்த்துப் பலர் சிரித்திருப்பார்கள்.

சனிக்கிழமை முழுக்க அவர் வீடு வீடாக ஏறி இறங்கினார். எனக்கு ஆதரவாகப் பேசுங்கள் என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. “வருவேன்னு போட்டிருக்கீங்க. வாங்க. இல்லன்னா மாத்திடுங்க. மாத்த முடியும், திரும்ப அமுக்கினா போதும்” என்று மட்டும் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவரும் மாற்றவில்லை.

ஞாயிறு மாலை கூடத்தில் பதினோரு பேர் இருந்தார்கள். நாற்காலிகள் பத்துதான் போட்டிருந்தார்கள். மெக்கானிக் ஜன்னல் திண்டில் சாய்ந்து நின்றார். சங்கக் கணக்குக்கு அவரும் அக்காவும் ஒரே வீடு என்பதால் வந்திருந்த வீடுகளும் பத்துதான். செயலாளர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, கைப்பேசியை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்தார். இருபத்தாறு வீடுகள் வருகையை உறுதி செய்திருக்கின்றன, பாதிக்கு மேல், கூட்டம் செல்லும் என்றார். தீர்மானத்தை வாசிக்க ஆரம்பித்தார்.

“சார், இங்க பத்து வீடுதான் இருக்கு” என்றார் அக்கா.

“பதில் கொடுத்தது இருபத்தாறு. எழுத்துப்பூர்வமா இருக்கு. எப்பவும் இப்படித்தான் கணக்கு வச்சுக்கிறோம்.”

“அப்ப ஃபோன்ல இருக்கிறதுதான் ஆளு?”

“அதுதான் பதிவு.”

“நாங்க இங்க உக்காந்திருக்கிறது?”

“அம்மா, குதர்க்கம் பண்ணாதீங்க.”

அக்கா கைப்பைக்குள் இருந்து தன் கைப்பேசியை எடுத்தார். அறிவிப்புக் குழுவைத் திறந்து, நிகழ்ச்சியைத் தொட்டு, பழைய பழக்கத்துக்குத் திரும்பினார். செயலாளரின் முன்னால், முதல் வரிசை நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு ‘வரமாட்டேன்’ அழுத்தினார்.

“எழுதிக்குங்க சார். நான் வரல.”

டீச்சர் முதலில் சிரித்தார். பிறகு அவரும் கைப்பேசியை எடுத்தார். “நானும் வரல.” பின்வரிசையில் இருந்த பல் மருத்துவர், பூட்ட வேண்டும் என்பதற்காகவே வந்தவர், ஒரு நிமிடம் யோசித்தார். இப்படி ஒரு கணக்கில் பூட்டினால் நாளைக்குத் தன் கார் நிறுத்துமிடத்தையும் இப்படியே பூட்டுவார்கள் என்று சொல்லிவிட்டு அவரும் அழுத்தினார். ஒருவரை ஒருவர் பார்த்து இன்னும் நாலு பேர். செயலாளர் உயர்த்திப் பிடித்திருந்த கைப்பேசியில் எண்ணிக்கை இருபத்தாறிலிருந்து கண்ணெதிரே இறங்கியது. நாற்பது வீட்டில் பாதிக்கு ஒன்று குறைவாக, பத்தொன்பதில் நின்றது.

“தலையை எண்ணினாலும் பத்தலை” என்றார் மெக்கானிக், ஜன்னல் பக்கமிருந்து. “ஃபோனை எண்ணினாலும் பத்தலை. நாற்காலியை எண்ணிப் பாக்கலாமா சார்?”

பொருளாளர் வாயைப் பொத்திக்கொண்டார். செயலாளர் கைப்பேசியை மேஜையில் கவிழ்த்து வைத்தார். அவர் முகத்தில் கோபத்தைவிட வேறு ஏதோ அதிகமாக இருந்தது. அந்தச் சுவரில் உட்கார்ந்திருந்த குழந்தையை அவர் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார் போல.

“என்னைக் கேலி பண்ணத்தான் இவ்வளவுமா?” என்றார்.

“கேலி இல்ல சார். பூட்டணும்னா பூட்டுங்க. பாதி வீட்டுக்காரங்க வந்து, என் முகத்தைப் பாத்து, பூட்டுன்னு சொல்லட்டும். நான் கம்பியை அவுத்துக்கிறேன். வீட்ல படுத்துக்கிட்டு ஒரு அமுக்குல என் பொழப்பைப் பூட்ட விடமாட்டேன்.”

கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. குறிப்பில் அப்படித்தான் எழுதினார்கள்.

திங்கட்கிழமை அறிவிப்புக் குழுவில் புதிய நிகழ்ச்சி வந்தது. அதற்கு மேலே செயலாளர் ஒரு வரி சேர்த்திருந்தார்: வருகிறவர்கள் மட்டும் ‘வருவேன்’ அழுத்தவும், கூட்டத்தில் தலைகளே எண்ணப்படும். அதையடுத்து ஒரு வாக்கெடுப்பும் வந்தது. இந்த முறை நாலு தேர்வுகள். பகலில் திறந்து உயரமான தாழ்ப்பாள் போடுவது மூன்றாவதாக இருந்தது. பூட்டவே வேண்டாம் என்பது கடைசியில் இருந்தது.

அக்கா அதைப் படித்தபோது தோளில் ஈரத் திரைச்சீலை இருந்தது. மாடிக் கதவின் கொண்டியில் ஒரு புதிய பூட்டு, பூட்டாமல் தொங்கியது; அவசரத்தில் முன்கூட்டியே வாங்கி மாட்டியிருந்தார்கள். அதைத் தொடாமல் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு போய், துணியை முழு நீளத்துக்கும் உதறிக் கம்பியில் போட்டார். ஓரத்தை இழுத்து நேராக்கினார். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கைப்பேசியை எடுத்தார்.

அதற்குள் ‘வரமாட்டேன்’ என்பதில் ஒன்பது பெயர்கள் இருந்தன. முதல் பெயர், துணியைத் திரும்ப வாங்கிப் போன முதல் மாடிக்காரர்.

அக்கா ‘வருவேன்’ அழுத்தினார். அடுத்த திரையை எடுக்கக் கீழே இறங்கினார்.