குணவதி அனுப்பிய ‘ஓக்கே’

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் குணாளனுக்கு அடங்காத மிஷின் கிடையாது. ஒருமுறை அவன் முறைத்த முறைப்பில், நின்றுபோன கன்வேயர் மன்னிப்புக் கேட்டுவிட்டு ஓடத் தொடங்கியதாகச் சொல்வார்கள். சொல்வார்கள் என்ன, நான்தான் சொல்லிக்கொண்டு திரிகிறேன். அப்பேர்ப்பட்ட டெக்னீஷியனை ஒரே ஒரு சொல் கவிழ்த்துப் போட்டது.

அவன் அக்கா குணவதி கடலுக்கு அந்தப் பக்கம், மாக் மண்டினில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அவள் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்துவார்கள். மாமன் என்று இருப்பவன் இவன் ஒருவன்தான். அந்த நேரம் பார்த்து வேலையிடத்தில் ஷிப்டை மாற்றிவிட்டார்கள். குணாளன் சாப்பாட்டு இடைவேளையில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தட்டிவிட்டான்: “அக்கா, ஞாயிறு பகல்ல வேலை. வர முடியாது. வேற யாராச்சும் மடியில வெச்சுக்கட்டும்.”

குழுவில் அல்ல, தனியாக அவனுக்கு மட்டும் அக்காவிடமிருந்து “ஓக்கே” என்று பதில் வந்தது.

குணவதியிடம் ‘சாப்பிட்டியா’ என்று கேட்டால் குரல்பதிவு வரும். அது மீன் விலையில் தொடங்கி பக்கத்து வீட்டுப் பூனையில் முடிவதற்குள் பட்டர்வொர்த்தில் கிளம்பிய ஃபெர்ரி ஜார்ஜ் டவுனில் ஆளை இறக்கிவிட்டுத் திரும்பியிருக்கும். அவளிடமிருந்து ஒற்றைச் சொல்லா? குணாளனுக்குச் சோறு இறங்கவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஸுல்கிஃப்லி, ஓக்கே என்றால் ஓக்கேதான், ரோஜாப்பூ ஸ்டிக்கர் ஒன்று அனுப்பிப் பார் என்றான். அனுப்பினான். நீல டிக் விழுந்தது, பதில் விழவில்லை. “கோவமா?” என்று கேட்டான். “இல்ல” என்று வந்தது. “நெசமாவா?” என்றான். “ம்” என்று வந்தது. இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் வெறும் புள்ளிதான் வந்திருக்கும்.

மாலையில் வீட்டில் மனைவி மோகனா போனை வாங்கிப் பார்த்தாள்.

“கோவமான்னு கேட்டா யாருங்க ஆமான்னு சொல்வாங்க? இல்லன்னு சொல்ல வெச்சு நீங்களே கதவச் சாத்திட்டீங்க.”

“வேலையா இருந்திருக்கலாம்லா?”

“இருக்கலாம். அக்கா வேலையா இருந்தா எப்படிப் போடுவாங்கன்னு பாருங்க.”

அக்காவின் பழைய செய்திகளைத் தள்ளிப் பார்த்தான். வேலை நாளில்கூட ‘அப்புறம் பேசறேன்டா தம்பி’ என்று, ஒரு இதயத்தோடு இருந்தது. “நான் ஓக்கே போட்டா அது ஓக்கேதான், உங்க அக்கா போட்டா விசாரிக்க வேண்டியதுதான்” என்றாள் மோகனா. ஆனால் என்ன வருத்தம் என்று நீங்களாகத் தீர்ப்பு எழுதாதீர்கள் என்றும் சொன்னாள்.

அவன் முதலில் எழுதியது ஷிப்ட் அட்டவணையின் வரலாறு. மோகனா அழித்தாள். இரண்டாவது, ‘நீ இப்படி இருந்தா நான் என்ன செய்யறது’ என்று தொடங்கியது. அதை அவள் படித்து முடிக்கவே இல்லை. கடைசியில் குழுவில் போடாமல் அக்காவுக்கு மட்டும் போனது இது:

“அக்கா, உன் பதில் எப்பவும் போல இல்லன்னு தோணுது. நான் தப்பா நெனச்சிருக்கலாம். காதுகுத்துக்கு வரலன்னு நான் பட்டுனு சொன்னது உனக்கு எப்படி இருக்கும்னு யோசிக்கல. மன்னிச்சிடு. வேற ஏதாச்சும் இருந்தாலும் சொல்லு, கேட்டுக்கறேன். இப்ப பேச வேணாம்னா பரவால்ல.”

பிறகு காத்திருக்க வேண்டும். அதுதான் அவனால் முடியாத காரியம். மோகனா போனைப் பிடுங்கிச் சமையலறையில் வைத்துக்கொண்டாள். அவன் சுத்தமான காரைக் கழுவினான். பிறகு அண்டை வீட்டுச் சீனர் காரையும் கழுவினான். அவர் பயந்துபோய் உள்ளே போய்விட்டார்.

ஒருவழியாகக் குரல்பதிவு வந்தது. நீளமான பதிவு. அதைப் பார்த்தே அவனுக்குப் பாதி உயிர் திரும்பியது.

“ஷிப்டு மாறுனா நீ என்னடா செய்வே, எனக்குத் தெரியாதா? அந்தக் குரூப்புல என் மாமியார் இருக்காங்கடா. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம அங்க போட்டியே. உடனே அவங்க, தாய்மாமனுக்கு வேலைதான் பெருசு, எங்க பக்கத்து ஆளு மடி தருவாங்கன்னு போட்டுட்டாங்க. எல்லாரும் அதுக்குக் கைதட்டுற ஸ்டிக்கர் போட்டு வெச்சிருக்காங்க. நான் என்னத்தச் சொல்றது?”

குணாளன் அந்தக் குழுவைச் சத்தம் வராமல் நிறுத்தி வைத்திருந்தான். எதையும் பார்க்கவில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தவனை மோகனா கிள்ளினாள். போனில் அக்காவைக் கூப்பிட்டான்.

“நான் வேற நெனச்சேன்க்கா. உன்கிட்டதான் மொதல்ல சொல்லியிருக்கணும். இப்ப நான் என்ன செஞ்சா உனக்கு நல்லது?”

அக்கா உடனே கணக்குப் போட ஆரம்பித்தாள்.

“வேலை எப்படா முடியும்?” என்றாள். சாயங்காலம் என்றான். “இத மத்தியானமே கேக்கறதுக்கென்ன? ஐயர்கிட்ட நேரத்த மாத்திக் கேட்டிருப்பேன்லா.”

ஐயரும் நேரத்தை மாற்றித் தந்தார். ஞாயிறு சாயங்காலம் தொழிற்சாலைச் சட்டையோடு கடல்மேல் போகும் பாலத்தைத் தாண்டி ஓடிவந்து சப்பணமிட்டு உட்கார்ந்தான். ஊசி இறங்கியதும் குழந்தை வீறிட்டது. மாமன் அதைவிடப் பலமாக அழுதான். ஆம்புலன்ஸ் என்று நினைத்துப் பாலத்தில் வண்டிகள் ஒதுங்கி நின்றதாகக் கேள்வி. குழந்தை தன் அழுகையை நிறுத்திவிட்டு அவன் முகத்தைப் பார்த்தது. குணவதியின் மாமியார் எழுந்து வந்து முந்தானையால் அவன் கண்ணைத் துடைத்தார்.