மொழிக் கட்டத்தில் மலையாளம்

ஒரு மழைக்காலம் முழுக்கக் கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு சின்ன நூலகத்தில் பயிற்சிக்குப் போனேன். காலையில் புத்தகங்களைக் கணினி அட்டவணையில் ஏற்ற வேண்டும். சாப்பாட்டுக்குப் பிறகு பழைய கூட்டக் குறிப்புகளை ஸ்கேன் செய்து, ஒவ்வொரு கோப்புக்கும் ஒரே முறையில் பெயர், தேதி, பொருள் கொடுக்க வேண்டும். கம்ப்யூட்டர் படித்துவிட்டு நூலக அறிவியலுக்கு வந்தவள் நான். ஒரே மாதிரி நிரப்பிய கட்டங்களைப் பார்த்தால் எனக்குப் பசிகூட மறந்துவிடும்.

நூலகச் செயலாளர் ஓய்வு பெற்ற வக்கீல். அரசுத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு மேசை போட இடம் வேண்டும், அதனால் வாசிப்பு அறையிலிருந்து ஒரு அலமாரி பின்னறைக்குப் போக வேண்டும் என்றார். பின்னறைச் சுவரில் எப்போதும் ஈரம். அங்கே போகிற புத்தகம் உப்பித்தான் திரும்பும். எந்த அலமாரி என்பதைத் தன் இஷ்டத்துக்கு முடிவு செய்ய அவருக்கு மனமில்லை. போன வருஷம் எந்தப் பிரிவு மிகக் குறைவாக இரவல் போனதோ அதுதான் போகும் என்று விதி செய்தார். கணினியில் அறிக்கை எடுத்துக் கொடுத்தேன்.

"தமிழ், ஆகெ ரெண்டு." கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். "வாயிக்கான் ஆளில்ல மோளே. ஞாயிறாழ்ச்ச கமிட்டியில் சொல்லாம்." தமிழ் படிக்க ஆளில்லை என்றே அவர் முடிவு செய்துவிட்டார்.

அப்போது திருப்பிக் கொடுக்க ஒரு தமிழ் நாவலோடு கவுண்டரில் நின்றிருந்தார் ஒரு அக்கா. பக்கத்துப் பள்ளுருத்திக்காரர். நகரசபையில் துப்புரவு வேலை. டியூட்டி முடிந்ததும் நேராக இங்கேதான் வருவார்.

"ரெண்டா? சாரே, மாசம் நாலு நானே எடுக்கறேன். அதெல்லாம் காயல்ல போட்டுட்டீங்களா?"

"கம்ப்யூட்டர் பறயுந்நது அங்ஙனெயா." கம்ப்யூட்டர் சொல்வது அப்படித்தானாம்.

"அது கண்ணு முன்னாடிதான் சாரே வாராவாரம் நிக்கறேன். இன்னும் என்னை அடையாளம் தெரியலையா அதுக்கு?"

நூலகர் சேச்சி சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அக்கா கையிலிருந்த நாவலை வாங்கிப் பார்கோடை ஸ்கேன் செய்தேன். ஆங்கில எழுத்தில் தலைப்பு வந்தது. அதற்குக் கீழே, மொழி: மலையாளம்.

அட்டவணைப் படிவம் திறந்ததுமே மொழிக் கட்டத்தில் மலையாளம் தானாக விழும்படி யாரோ அமைத்திருந்தார்கள். பெரும்பாலான புத்தகங்கள் மலையாளம் என்பதால் அது வசதி. எனக்கு முன்பு வந்த பயிற்சிக்காரர்கள் அதை மாற்றாமலே சேமித்திருந்தார்கள். ஆக, அக்கா எடுத்ததெல்லாம் மலையாள நாவல் கணக்கில் ஏறியிருந்தது.

"எல்லாத்தையும் ஒரே அடியா தமிழ்னு மாத்திடலாமே?" என்றார் சேச்சி.

மாற்றலாம். ஆனால் அந்தத் தமிழ் அலமாரியில் மலையாளச் சமையல் புத்தகங்களும் ஒரு இந்தி அகராதியும் குடியேறியிருந்தன. பழைய தவறை எடுத்துவிட்டுப் புதுத் தவறைப் போட எனக்கு இஷ்டமில்லை. ஒவ்வொன்றையும் திறந்து பார்ப்பதுதான் வழி. எனக்கோ வீட்டில் தமிழ் பேசினாலும், படிப்பதற்கு மலையாளம்தான் சரளம்.

மறுநாள் அக்கா வந்து பார்த்தார். "நீ எழுத்துக் கூட்டிப் படிச்சு முடிக்கறதுக்குள்ள ஓணமே வந்துடும். தள்ளு."

அவர் பிரித்து அடுக்கினார், நான் ஸ்கேன் செய்தேன். நடுவே ஏதாவது நாவலின் கடைசிப் பக்கத்தில் அவர் மூழ்கிவிட்டால் சாயா வாங்கிக் கொடுத்து மீட்க வேண்டியிருந்தது. தமிழ்ப் புத்தகங்களின் பட்டியல் முழுதாகக் கிடைத்த பிறகு அவற்றுக்கு மட்டும் மொத்தமாக மொழியை மாற்றினேன். படிவத்திலும் மொழிக் கட்டத்தைக் காலியாக்கி, நிரப்பாமல் சேமிக்க முடியாதபடி செய்தேன். மற்ற அலமாரிகளிலும் மொழியைச் சரிபார்த்தேன்; அங்கே ஆங்கிலப் புத்தகங்களும் மலையாளக் கணக்கில்தான் ஒளிந்திருந்தன.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டி வாசிப்பு அறையிலேயே கூடியது. அக்கா ஓரத்தில் பேப்பர் விரித்து உட்கார்ந்திருந்தார். புது அறிக்கையில் மலையாள நாவல் கொஞ்சம் இறங்கியும் முதலிடத்திலேயே இருந்தது. தமிழ் நடுவில் வந்துவிட்டது. கடைசி வரியில் ஆங்கிலச் சட்டப் புத்தகங்கள். இரவல், பூஜ்யம். செயலாளர் ஓய்வு பெற்றபோது தன் பெயர் எழுதிய கண்ணாடி அலமாரியோடு கொடுத்தவை அவை.

அவர் தாளைத் திருப்பிக்கூடப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றுமில்லை.

"மோளே, இதில் மொழி சரியாணோ?"

"ஆங்கிலம்தான் சார். ஒவ்வொண்ணும் திறந்து பார்த்தேன்."

கமிட்டியில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "சாரே, ஒண்ணு என் பேருல எழுதிக்குங்க. பூஜ்யம்னு இருக்க வேணாம்."

"வேண்டா," என்றார் செயலாளர். "அது கள்ளக் கணக்கு." சொல்லும்போதே சிரித்துவிட்டார்.

கூட்டம் முடிந்ததும் கண்ணாடிக் கதவைத் திறந்து, தடித்த புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு அவரே பின்னறைக்கு நடந்தார். அக்கா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, மீதியைத் தூக்க எழுந்தார்.